தனி அடுப்புக்குப் பிறகு: பல்லடம் சாலைக் குடும்பம் ஒன்றின் பாகக் கணக்கு

திருப்பூரிலிருந்து பல்லடம் போகும் சாலையை ஒட்டிய எங்கள் ஊரில், நான் மருமகளாக வந்தபோது தனிக்குடித்தனம் போனவர்கள் மிகச் சிலர். அவர்களும் ஏதோ சண்டை போட்டுக்கொண்டு போனவர்கள் என்றே பேசப்பட்டார்கள். இன்று ஒரே கூரையின் கீழ் இரண்டு மருமகள்கள் சேர்ந்து சமைக்கும் வீட்டைத் தேடித்தான் பார்க்க வேண்டும். இந்த இடைவெளியில் திருப்பூர் 2008-இல் மாநகராட்சியாகி, 2009-இல் மாவட்டத் தலைநகராகி, 2011-இல் நல்லூர், 15 வேலம்பாளையம் ஆகிய நகராட்சிகளையும் அக்கம்பக்கத்து ஊராட்சிகளையும் தன்னோடு சேர்த்துக்கொண்டது. எங்கள் மேட்டாங்காட்டில் சோளத்தட்டு நின்ற இடங்களில் மனை விற்பனைக்கான கொடிகள் பறக்கத் தொடங்கியதும் அப்போதுதான்.

எங்கள் குடும்பம் பிரிந்ததற்குப் பெரிய சண்டை எதுவும் காரணமில்லை. மாமனாருக்கு மூன்று மகன்கள், ஒரு மகள். மூத்தவரான என் கணவர் வீட்டை ஒட்டிய கொட்டகையில் விசைத்தறி ஓட்டுகிறார். இளையவர் திருப்பூரில் பனியன் ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் மெர்ச்சண்டைசராக இருக்கிறார்; கப்பலுக்குச் சரக்கு போக வேண்டிய வாரங்களில் அவர் வீடு திரும்ப இரவு பத்து மணியாகும். அவர் மனைவியும் செக்கிங் பிரிவில் வேலைக்குப் போகிறவர். காலை எட்டு மணிக்குக் கம்பெனி வேன் வந்துவிடும். கடைசிக் கொழுந்தனார் கோவை சரவணம்பட்டியில் கணினி நிறுவன வேலையில் இருக்கிறார். தோட்டத்து வருமானத்தில் வாழ்ந்த காலத்தில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் பசித்தது, வருகிற பணமும் மாமனார் கைக்கே வந்தது. சம்பளம் வரத் தொடங்கியபின் சாப்பிடும் நேரம் மூன்றாகப் பிரிந்தது. பணமும் அவரவர் வங்கிக் கணக்குக்குப் போனது. ஆனால் சமையல் வேலை மட்டும் பிரியாமல், பகலில் வீட்டில் இருக்கும் எனக்கும் மாமியாருக்கும் என்று நின்றுவிட்டது. கூட்டுக் குடும்பம் கலைவதற்கு நிலத்தின் விலையையே எல்லோரும் காரணமாகச் சொல்கிறார்கள். நான் பார்த்தவரை, பாத்திரம் கழுவும் வேலையைப் பங்கிட வழி தெரியாமல்தான் பல வீடுகள் முதலில் தளர்கின்றன.

நகரத்து வாடகை வீடும் இதற்குத் துணைபோகிறது. இளையவர் வேலைக்கும் பிள்ளைகளின் பள்ளிக்கும் பக்கமாக வீடு தேடியபோது கிடைத்தவை எல்லாம் லைன் வீடுகள்தான். ஒரு கூடம், ஒரு சமையலறை, வரிசைக்குப் பொதுவாகக் கழிப்பறை. எத்தனை பேர் என்று கேட்டு, நான்குக்கு மேல் என்றால் தண்ணீர் போதாது என்று வீட்டுக்காரர்கள் கையை விரித்துவிடுகிறார்கள். அம்மாவையும் அப்பாவையும் கூட வைத்துக்கொள்ள மனமிருந்தாலும் அந்த வீட்டில் இடமில்லை.

நாங்கள் செய்தவற்றுள் மற்றவர்களுக்கும் பயன்படும் என்று நான் உறுதியாகச் சொல்லக்கூடியது, பிரிவை ஒரே நாளில் முடிக்காமல் மூன்று கட்டமாகச் செய்ததுதான். முதலில் அடுப்பு, அடுத்து ரேஷன் அட்டைகள், கடைசியில் நிலம். அடுப்பைப் பிரித்தது 2017-இல். பாகப்பிரிவினைப் பத்திரம் பதிவானது 2024-இல். இடையில் இருந்த காலம், யாருக்கு எது தேவை என்பதையும், யார் யாரைப் பார்த்துக்கொள்ளப் போகிறார்கள் என்பதையும் வாய்ப்பேச்சாக இல்லாமல் நடப்பில் காட்டியது. அடுப்பும் நிலமும் ஒரே வாரத்தில் பிரிந்த வீடுகளில், கோபம் இருந்தபோது போட்ட எல்லைக்கல் கோபம் தணிந்த பிறகும் அங்கேயே நிற்கிறது.

முதலில் ஒரே வீட்டுக்குள் தனித்தனியாகச் சமைத்தோம். அன்று மாமியார் என்னிடம், "அடுப்புத்தான் கண்ணு ரெண்டாகுது, படி ஒண்ணுதான்" என்றார். சேர்ந்து சமைத்தபோது ஒரு சிலிண்டர் எங்களுக்கு ஏறத்தாழ பதினெட்டு நாள் வந்தது. மூன்று அடுப்புகள் ஆனபின் ஒவ்வொன்றும் ஒரு மாதத்துக்குச் சற்று மேல் வருகிறது. ஆக, இரண்டு சிலிண்டர் தீர்ந்த காலத்தில் இப்போது மூன்று தீர்கின்றன. கிரைண்டர், மிக்ஸி, குளிர்ப்பெட்டி எல்லாம் மும்மடங்கு. மொத்தத்தில் குடும்பச் செலவு மூன்றில் ஒரு பங்கு கூடியது. தனிக்குடித்தனம் போனால் சிக்கனம் வரும் என்று நினைக்கிறவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். கூடும் அந்தப் பணம் நிம்மதிக்குக் கொடுக்கும் விலை என்று தெரிந்து கொடுத்தால் அதில் குறையொன்றும் இல்லை.

அட்டைகளின் கதை வேறு. ரேஷன் அட்டையில் பெயர் நீக்கி, தனிச் சமையலறை, தனி எரிவாயு இணைப்பு என்று காட்டிப் புதிய அட்டை வாங்குவதைப் பலரும் அரிசி, சர்க்கரைக்கான வேலை என்றே நினைக்கிறார்கள். அரசின் கணக்கில் குடும்பம் என்பது ஓர் அட்டையில் உள்ள பெயர்கள். மற்ற உதவிகள் எல்லாம் அந்த எல்லைக்குள்தான் அளக்கப்படுகின்றன. 2023 செப்டம்பரில் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகையை எடுத்துக்கொள்ளுங்கள். ஓர் அட்டைக்கு ஒரு பெண்ணுக்கு மட்டுமே மாதம் 1000 ரூபாய். குடும்ப வருமானம் ஆண்டுக்கு இரண்டரை லட்சத்துக்குள்ளும், வீட்டு மின்சாரப் பயன்பாடு ஆண்டுக்கு 3600 யூனிட்டுக்குள்ளும் இருக்க வேண்டும் என்று தகுதி வைத்திருந்தார்கள். மூன்று குடும்பம் ஒரே மீட்டரில் இருந்தால் அந்த 3600 எத்தனை மாதத்தில் தாண்டும் என்பது வீட்டில் மோட்டார் போடுகிற எவருக்கும் தெரியும். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பதும் இணைப்புக்குத்தானே தவிர ஆட்களின் எண்ணிக்கைக்கு அல்ல. பயன்பாடு கூடக்கூட யூனிட் விலையும் கூடுகிறது. கூட்டுக் குடும்பமாக இருப்பவர்களுக்குத் தண்டம் விதிப்பது போன்ற ஏற்பாடு இது. யாரும் திட்டமிட்டுச் செய்திருக்க மாட்டார்கள், ஆனாலும் விளைவு அதுதான்.

இதில் நாங்கள் கவனமாக முடிவு செய்தது மாமனார், மாமியாரின் பெயர்களை எந்த அட்டையில் வைப்பது என்பதை. பாசத்தில் மூத்த மகன் அட்டையில் இருக்கட்டும் என்றுதான் முதலில் பேச்சு வந்தது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுக்குக் குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும்; குடும்பம் யார் யார் என்பதற்கு ரேஷன் அட்டையே ஆதாரம். எங்களோடு சேர்த்தால் தறி வருமானத்தையும் சேர்த்து அந்த வரம்பைத் தாண்டிவிடும். அவர்கள் இருவரும் வீட்டின் மேற்குப் பகுதியில் தனி அடுப்பு வைத்திருந்ததால் இருவருக்கும் தனி அட்டையே வாங்கினோம். மாமனாருக்கு வந்தது இரண்டு லைன் வீடுகளின் வாடகை, வீட்டுக்கு 4500 ரூபாய் வீதம் மாதம் 9000, ஆண்டுக்கு 1,08,000. வருமானச் சான்று அதற்கேற்பக் கிடைத்தது. பின்னாளில் மாமியாருக்கு முழங்கால் அறுவை சிகிச்சை என்றபோது மகன்கள் மூவரும் யார் எவ்வளவு என்று உட்கார்ந்து பேச வேண்டிய நிலை வரவில்லை.

நிலத்துக்கு வருகிறேன். ஐந்து ஏக்கர் புஞ்சை, பூர்வீகம். ஆண் மக்கள் மூவருக்கும் அப்பாவுக்குமாக நான்கு பங்கு என்றுதான் ஊர்ப் பெரியவர்கள் கணக்குச் சொன்னார்கள். சட்டம் அப்படி இல்லை. தமிழ்நாடு 1989-லேயே, அதன் பின் திருமணமாகும் மகள்களுக்குப் பூர்வீகச் சொத்தில் மகனைப் போலவே பிறப்புரிமை கொடுத்துவிட்டது. 2005-இல் மத்தியச் சட்டமும் திருத்தப்பட்டு, அதற்கு விளக்கமாக உச்ச நீதிமன்றம் 2020-இல் தந்த தீர்ப்புக்குப் பிறகு, திருமணம் எந்த ஆண்டில் நடந்தது, அந்தத் திருத்தம் வந்த நாளில் தந்தை உயிரோடு இருந்தாரா என்பவையெல்லாம் கேள்வியாகவே இல்லை. ஆகவே பங்கு ஐந்து. காங்கயத்துக்குக் கட்டிக்கொடுத்த என் நாத்தனாரிடம் ஒரு விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஐம்பதாயிரமும் பட்டுச்சேலையும் கொடுத்தால் போதும் என்று யோசனை சொன்னவர்கள் உண்டு. நிலம் ஏக்கர் இரண்டு லட்சத்துக்குப் போன காலத்தில் சீர்செனத்தி செய்து அதை ஈடுகட்டினோம் என்று சொல்லியிருக்கலாம். இன்றைய விலையில் அப்படிச் சொல்ல எந்த நாக்கும் கூச வேண்டும். அவருக்கும் ஒரு பங்கு எழுதினோம். மகளை விட்டுவிட்டு எழுதிய பாகத்தை வாங்க வருகிறவரின் வழக்கறிஞர் வாரிசு விவரம் பார்க்கும்போதே கண்டுபிடித்துவிடுவார். அண்ணன் தம்பிகள் தங்கள் பங்கை விற்க முடியாமல் நிற்பது அப்போதுதான்.

ஐந்து பங்கு என்றால் ஏக்கருக்கு ஒன்று என்று பிரித்துவிடலாம் என்று தோன்றும். சாலையோரத்து ஏக்கரும் பின்னால் ஓடைக்கரை ஏக்கரும் ஒன்றா? எல்லோருக்கும் சாலை முகப்பு வேண்டும் என்று நிலத்தைச் சாலையிலிருந்து ஓடைவரை ஐந்து நீளப் பட்டைகளாகக் கிழித்த ஒரு காட்டை நான் பார்த்திருக்கிறேன். அதில் டிராக்டரும் திரும்பாது, வீடும் ஒழுங்காக அமையாது. நாங்கள் நடுவில் 24 அடிப் பொதுத் தடம் ஒன்றை விட்டு, அதன் இருபுறமும் பங்குகளை அமைத்தோம். சாலையை ஒட்டிய இரண்டு பங்குகளுக்குப் பரப்பைக் குறைத்து, பின்னால் உள்ளவற்றுக்குக் கூட்டினோம். தடத்தின் நீள அகலத்தையும், அது ஐவருக்கும் பொது என்பதையும், குழாய் பதிக்கவும் மின்கம்பம் நடவும் உரிமை உண்டு என்பதையும் ஒவ்வொரு அட்டவணையிலும் எழுதச் சொன்னோம். பத்திர எழுத்தர் வழக்கம்போல "மாமூல் தட பாத்தியமும்" என்று ஒரே சொல்லில் முடிக்கப் பார்த்தார். மாட்டு வண்டிக் காலத்தில் அது போதும். லாரியும் கடன் தரும் வங்கியும் வரும் இடத்தில் அடிக்கணக்கு இல்லாத தடம் வம்புக்குத்தான் வழி.

கிணற்றுக்கும் அப்படித்தான். ஐந்தில் ஒரு பங்கு கிணறு என்று எழுதினால் மட்டும் போதாது. மோட்டாரின் இலவச விவசாய மின் இணைப்பு மாமனார் பெயரில் ஒன்றுதான். அதை ஐந்தாக வெட்ட முடியாது. யாருக்கு எந்த நாள் முறைத் தண்ணீர், மோட்டார் காயில் எரிந்தால் செலவு யாருடையது, பங்கை விற்றால் வாங்குகிறவருக்கும் தண்ணீர் முறை போகுமா என்பவற்றைப் பத்திரத்திலேயே சேர்த்தோம். கடைசியாகச் சொன்னதே முக்கியமானது. மனை போட வாங்குகிற அந்நியர் ஒருவர் கிணற்றுப் பங்குதாரராகிவிட்டால் எஞ்சியவர்களின் வெள்ளாமை அவர் தயவில் நிற்கும்.

பத்திரம் எழுதுமுன் தனியார் நில அளவர் ஒருவரைக் கொண்டு நிலத்தை அளந்து, பட்டாவில் உள்ள பரப்போடும் புலப்படத்தோடும் ஒத்துப் பார்த்தோம். பட்டாப்படி ஐந்து ஏக்கர், தரையில் பன்னிரண்டு சென்ட் குறைந்தது. சாலை அகலப்படுத்தியதில் போனது. இது தெரியாமல் ஐந்து பங்கையும் முழு ஏக்கராக எழுதியிருந்தால், கடைசியாக அளக்கப்படும் பங்குக்காரர் தலையில்தான் அந்தக் குறை விழுந்திருக்கும். குறையை ஐவரும் பகிர்ந்து எழுதினோம்.

செலவைப் பற்றிப் பலர் பயப்படுகிறார்கள். குடும்ப உறுப்பினர்களுக்குள் பாகப்பிரிவினை என்றால் முத்திரைத் தீர்வை சொத்தின் மதிப்பில் ஒரு சதவீதம். பங்குக்கு 40,000 ரூபாய்க்கு மேல் போகாது. பதிவுக் கட்டணமும் ஒரு சதவீதம், அதற்கு உச்சம் 10,000. இவை 2023 ஜூலையில் உயர்த்தப்பட்டவை. முன்பு 25,000, 4000 என்று இருந்தன. அரசு வழிகாட்டி மதிப்பில் 25 லட்சம் வரும் ஒரு பங்குக்குத் தீர்வை 25,000, பதிவு 10,000, ஆக 35,000. அதே பங்கை அண்ணனிடமிருந்து தம்பி கிரயமாக வாங்கினால் ஆகும் தொகை இதற்குப் பல மடங்கு. பதிவு முடிந்ததோடு வேலை முடியவில்லை. உட்பிரிவுக்கு மனுப்போட்டு, அரசு நில அளவர் வந்து அளந்து, புதிய உட்பிரிவு எண்ணோடு தனிப்பட்டா வரும்வரை நிலம் கூட்டுப் பட்டாவில்தான் கிடக்கும். அதை வைத்துக்கொண்டு வங்கியில் வீட்டுக்கடன் கேட்டால் ஐந்து பேரின் கையெழுத்தைக் கேட்பார்கள்.

மாமனாரின் பங்கைப் பற்றி ஊரே ஆளுக்கொன்று சொன்னது. வயதான காலத்தில் அவருக்கு எதற்கு நிலம், மூன்று மகன்களுக்கும் எழுதிவிடட்டும், மாதம் ஒருவர் வீட்டில் சாப்பிடட்டும் என்றார்கள். அந்த மாத முறை எவ்வளவு கொடுமையானது என்பதைப் பக்கத்து வீட்டில் பார்த்தேன். எழுபது வயதுப் பெரியவர் ஒருவர் ஒரு கைப்பையில் மாத்திரையும் இன்னொன்றில் வேட்டியும் எடுத்துக்கொண்டு ஒன்றாம் தேதி ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குப் போவார். முப்பத்தொன்று நாள் வரும் மாதங்கள் எப்போதும் தன் முறையிலேயே வருகின்றன என்று ஒரு மருமகள் குறைபட்டதும் என் காதில் விழுந்தது. சர்க்கரைக்கான மருந்தை எந்த மருத்துவர் மாற்றினார் என்பதே ஒருவருக்கும் தெரியாது.

எங்கள் வீட்டில் மாமனாரின் பங்கும் அவர்கள் இருக்கும் மேற்குப் பகுதியும் வாடகையும் அவர் பெயரிலேயே நிற்கின்றன. அவர்கள் இடம் மாறுவதில்லை. பக்கத்தில் இருக்கும் நாங்கள் அன்றாடம் பார்த்துக்கொள்கிறோம். மருந்துக்கும் பரிசோதனைக்கும் மற்ற இரு மகன்கள் மாதாமாதம் மாமியாரின் வங்கிக் கணக்குக்கே பணம் அனுப்புகிறார்கள். என் கைக்கு வேண்டாம் என்று நான்தான் சொன்னேன்; கணக்குக் கேட்கும் நிலையும் சொல்லும் நிலையும் வராமல் இருப்பதே ஓரகத்திகளுக்குள் நல்லது. உயிரோடு இருக்கும்போதே எழுதித்தான் ஆக வேண்டும் என்ற நெருக்கடி வருகிறவர்கள், செட்டில்மெண்ட் பத்திரத்தில் ஆயுட்கால அனுபவ உரிமையைத் தங்களுக்கு வைத்துக்கொண்டு, கடைசிவரை பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையையும் வெளிப்படையாக எழுத வேண்டும். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், 2007-இன் 23-ஆம் பிரிவு, அப்படி நிபந்தனையோடு கொடுத்து, சொத்தை வாங்கிக்கொண்டவர் கவனிக்காமல் விட்டால் அந்தப் பத்திரத்தையே செல்லாததாக்க வழி தருகிறது; வருவாய்க் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனுச் செய்யலாம். "அன்பும் பாசமும் கருதி" என்று மட்டும் எழுதிக் கொடுத்தவர்கள் அந்த நிபந்தனை இருந்ததை நிரூபிக்க வருடக்கணக்கில் அலைய நேர்கிறது.

எந்தப் பத்திரத்திலும் வராத ஒன்று மொய் நோட்டு. மாமனார் பெயரில் நான்கு நோட்டுகள் இருந்தன. எங்கள் திருமணங்களுக்கு வந்த மொய் முழுவதும் அவர் பெயரில்தான் எழுதப்பட்டிருந்தது. அதாவது அத்தனை பேருக்கும் திருப்பி எழுத வேண்டிய கடன் அது. அடுப்பு பிரிந்ததும் பத்திரிகை வைக்க வந்த உறவினர்கள் சிலர் மாமனாருக்கு ஒன்று என்றும், சிலர் மூன்று வீட்டுக்கும் தனித்தனியாகவும் கொடுத்தார்கள். மூவரும் ஆளுக்கு ஐந்நூறு எழுதினால், வாங்குகிறவர் நோட்டில் மூன்று புதிய வரிகள் ஏறுகின்றன. ஆனால் பழைய ஆயிரம் ரூபாய் கழிந்ததா இல்லையா என்பது அவருக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நால்வரும் உட்கார்ந்து, 2017-க்கு முன் வாங்கியவற்றில் திருப்பாதவற்றை மட்டும் ஒரு தனி நோட்டில் எடுத்து எழுதினோம். அவற்றை மாமனார் பெயரில் ஒரே கவரில் எழுதுவது, தொகையை மகன்கள் மூவரும் பங்கிடுவது, அதற்குப் பிறகு வருகிறவற்றை அவரவர் பெயரில் அவரவர் பார்ப்பது என்று பேசிக்கொண்டோம். நோட்டு என்னிடம் இருக்கிறது. கழிந்த வரிகளின் மேல் சிவப்பு மையில் கோடு போட்டு, அதன் படத்தைக் கைப்பேசியில் மூவருக்கும் அனுப்பிவிடுகிறேன்.

மாரியம்மன் கோயில் பொங்கலுக்கு வாங்கும் தலைக்கட்டு வரியும் இதேபோல ஒன்றாக இருந்தது மூன்றாகியிருக்கிறது. எங்கள் ஊரில் தனி அடுப்பு வைத்தால் தனித் தலைக்கட்டு. கோவையில் இருக்கும் கடைசிக் கொழுந்தனார் ஊரில் அடுப்பே வைக்காதபோதும் தன் வரியைத் தவறாமல் கைப்பேசி வழியே அனுப்புகிறார். மாவிளக்குக்கு அழைக்கும்போது தன் பெயரையும் வாசிக்க வேண்டும் என்பது மட்டும்தான் அவர் வைத்த கோரிக்கை. அவரைத் தலைக்கட்டாகக் கொள்வதா, வெளியூர்க்காரரின் காணிக்கையாக வரவு வைப்பதா என்று கோயில் கமிட்டி இன்னும் பேசிக்கொண்டிருக்கிறது.